கன்னி ராசிக்கு மாலை ஐந்து பத்து

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சோதிடராக இருந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண கார்டு அச்சகத்தின் மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பன்னிரண்டு ராசிக்காரர்களுக்கும் தினமும் விதி எழுதினேன். சோதிடத்தில் எனக்கு இருந்த தகுதி, தட்டெழுத்தில் பிழை விடமாட்டேன் என்பது ஒன்றுதான்.

அதற்கு முன் மூன்று வருடம் அதே அச்சகத்தின் கீழ்த்தளத்தில் கார்டு மடித்துக்கொண்டும் பிழை திருத்திக்கொண்டும் இருந்தேன். மாப்பிள்ளையின் பட்டப்படிப்பு விட்டுப்போனால் எத்தனை பேர் படியேறி வந்து கத்துவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதலாளி ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று ஒரு மோடம் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே எங்களுக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. சமையல் குறிப்பு, கோயில் திருவிழாப் பட்டியல், வாசகர் எழுதிப்போட ஒரு விருந்தினர் ஏடு, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் 'இன்றைய ராசிபலன்'. உலகத் தமிழர் எல்லாரும் நம் கடை வாசலில் வந்து நிற்கப்போகிறார்கள் என்று முதலாளி சொன்னார். வந்து நிற்பவர்கள் முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிவது வெறும் கிறுக்கல்தான் என்பதை நான் சொல்லவில்லை.

பலன் எழுத ஒரு நிஜ சோதிடரைத்தான் முதலில் பிடித்தார். அவர் ஒரு வாரம் எழுதிவிட்டுச் செராஸுக்கு வீடு மாறிப் போனார். போனவர் போனவர்தான். முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் நல்லா எழுதுவியே. கெட்டத மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லு. போதும்லா."

அப்படித்தான் நான் மாடிக்கு வந்தேன். கேலியாகச் சொல்கிறேனே தவிர, அந்த மேசையை நான் விரும்பினேன். அதற்குமுன் நான் எழுதியது எதையும் யாரும் படித்ததில்லை. இப்போது யாரோ படிக்கிறார்கள், அதுவும் தங்கள் நாளை என் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கிறார்கள் என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

பலனை எப்போது வெளியிடுவது என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. கடை திறக்கும் நேரம் ஒன்பது. ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, அந்தத் தட்டை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்து கணினிக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவார். அதன்பிறகுதான் நான் தொலைபேசி இணைப்பைப் போட்டுப் பன்னிரண்டு பக்கங்களையும் அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்கு ஏற்ற வேண்டும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்பதால் அன்று பத்தரைக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. கிரகங்களுக்கும் அன்று விடுமுறைதான். சனிக்கிழமைப் பக்கத்திலேயே இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுதிவிடுவேன்.

முதல் நாள் சாயந்திரமே ஏற்றிவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். பக்கங்கள் எப்படியும் முந்தின நாளே தயாராகிவிடும்.

"வெள்ளிக்கிழமை பலன் வியாழக்கிழமையே போடறதா? பொழுது விடிஞ்சாதான்மா நாளு. விடியறதுக்கு முன்னாடி எப்படி 'இன்று'ன்னு போடுவே?"

பஞ்சாங்கப்படி அவர் சொன்னது சரி. நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. யாருடைய சூரியன் என்ற கேள்வி அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே எழவில்லை.

சர்வர் வைத்திருந்த கம்பெனி வாரத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை அனுப்பும். பூஜ்யத்திலிருந்து இருபத்துமூன்று வரை வரிசையாக மணிகள். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பேர் வந்தார்களோ அதற்கேற்ப நட்சத்திரக் குறிகள். நாங்கள் தொடங்கி இரண்டு மாதம் கழித்து முதலாளி அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். ஒன்பதாம் மணிக்கு நேரே ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தது.

"கடையத் தொறந்து வச்சுட்டு ஈ ஓட்டறோம்."

"பதினேழுல நெறைய இருக்கு பாஸ்" என்றேன். இருந்தது. மற்ற மணிகளில் ஒன்றிரண்டு நட்சத்திரம் இருக்க, பதினேழாம் மணிக்கு நேரே எட்டு ஒன்பது நின்றன.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "அஞ்சு மணி! ஆபீஸ் விட்டு வந்து பாக்குறாங்க. நாமதான் முட்டாளு, காலையில போடறோம். இனிமே அஞ்சு மணிக்குப் போடு." ஷட்டர் திறந்ததும் கூட்டம் நுழைய வேண்டும் என்பது அவர் கணக்கு. கையோடு இன்னொன்றையும் சொன்னார். "இந்த வருஷம் முடியறதுக்குள்ள கூட்டம் கூடலேன்னா இதை மூடிடலாம்மா. தைக்குக் கார்டு ஆர்டர் வந்துரும். கீழ மடிக்க ஆள் பத்தாது."

பசையும் கத்தரிக்கோலும் வைத்த அந்த நீள மேசை கண்ணில் வந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் மறுபடி நான் எழுதுவது 'தங்கள் நல்வரவை நாடும்' மட்டும்தான்.

ஆகவே மறுநாளிலிருந்து சாயந்திரம் ஐந்து மணிக்கு 'இன்றைய ராசிபலன்' வெளிவந்தது. 'காலையில் நல்ல செய்தி வரும்' என்று நான் எழுதியதை, நாளில் முக்கால்வாசி போனபிறகு உலகத்துக்கு அறிவித்தோம். முதலாளிக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த அறிக்கையிலும் பதினேழாம் மணி நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. "பாத்தியா, கரெக்டா வந்து நிக்கிறாங்க" என்றார். ஐந்து மணிக்குப் போட ஆரம்பிப்பதற்கு முன்பும் அவர்கள் அங்கேயேதான் நின்றார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பத்து நாள் கழித்து விருந்தினர் ஏட்டில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை. 'கன்னி ராசிக்காரி, டொராண்டோ' என்று மட்டும் இருந்தது.

"உங்கட பலன் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாள் முடிஞ்சாப் பிறகுதான் எனக்குக் கிடைக்குது. இண்டைக்கு வாகனத்தில கவனம் எண்டு போட்டிருந்தியள். கார் காலமையே இடிபட்டிட்டுது. எனக்கு ரா வேலை. வேலை தொடங்க முதல் எட்டு மணிக்கு, வேலையிடத்துக் கொம்பியூட்டரிலதான் பாக்கலாம். கொஞ்சம் முந்திப் போடுவியளோ?"

முதலில் சிரித்தேன். என் சோதிட வாழ்க்கையில் பலித்த ஒரே பலன் அதுதான், அதுவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு எட்டு மணி என்பது உறுத்தியது. கூட்டம் முழுக்க ஐந்து மணிக்கு வருகிறது என்கிறார் முதலாளி. இந்த அம்மா எட்டு மணிக்கு வருகிறேன் என்கிறார்.

அறிக்கை என்பது சுருக்கம்தான். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற முழு விவரமும் வரி வரியாக லாக் என்ற கோப்பில் சர்வரிலேயே இருக்கும். பெரிய கோப்பு என்பதால் யாரும் அதைத் தொட்டதில்லை. அன்று அதை இறக்கினேன். ஓடிக்கொண்டே போன வரிகளில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டது. நான்தான் அது. தினமும் பக்கங்களை ஏற்றிய கையோடு, ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்ப்பேன். மலேசிய முகவரியிலிருந்து வந்த வரி அது ஒன்றுதான். அன்று சாயந்திரம் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நான் திறந்த பக்கத்துக்கு நேரே சர்வர் போட்டிருந்த நேரம்: விடிகாலை இரண்டு மணி ஐந்து நிமிடம்.

விடிகாலை இரண்டு மணிக்கு நான் கிள்ளானில் என் வீட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வரியின் ஓரத்திலேயே, கிரீன்விச்சிலிருந்து ஏழு மணி நேரம் பின்னால் என்று குறிப்பும் இருந்தது. நாங்கள் எட்டு மணி நேரம் முன்னால். ஆக, சர்வர் இருந்த கலிபோர்னியாவுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் பதினைந்து மணி நேரம். அறிக்கையில் இருந்த அத்தனை மணிகளும் கலிபோர்னியா மணிகள். பதினேழு என்பது அவர்களுக்கு மாலை ஐந்து, டொராண்டோவில் இரவு எட்டு, எங்களுக்கு மறுநாள் காலை எட்டு.

இப்போது எல்லாம் விளங்கியது. வாசகர்கள் எங்கள் காலை எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் முதலில் ஒன்பது மணிக்குப் போட்டோம், அவர்கள் வந்து போய் ஒரு மணி நேரம் கழித்து. பிறகு ஆராய்ச்சி செய்து, புள்ளிவிவரம் பார்த்து, அந்த ஒரு மணி நேரத்தை ஒன்பது மணி நேரமாக்கினோம்.

முதலாளியிடம் சொல்ல ஒரு முழு மதியம் பிடித்தது.

"கம்ப்யூட்டர் அமெரிக்காவுல இருந்தா என்னா? கடை இங்கதானே இருக்கு?"

"கடை இங்க இருக்கு பாஸ். கடிகாரம் அங்க இருக்கு."

மறுநாள் அவர் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிவந்து, இருந்ததற்குப் பக்கத்தில் மாட்டினார். கலிபோர்னியா நேரம் வைக்கச் சொன்னார். எங்களுக்கு மணி பதினொன்று. அதை எட்டில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு மணி நேரம்தானே வித்தியாசம்? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" முள் கடிகாரத்துக்கு இரவு எது பகல் எது என்று தெரியாது. அது முந்தின நாள் இரவு எட்டு என்று நான் சொன்னதை, இந்தியாவே இரண்டரை மணி நேரம்தான் பின்னால் இருக்கும்போது அமெரிக்கா எப்படி ஒரு நாள் பின்னால் போகும் என்று கேட்டு ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் அவரை அசைத்தது அந்தக் கார்தான். "இடிச்சிருச்சா? நாம கவனம்னு போட்டிருந்தோமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு என் சோதிடத்தின்மேல் திடீர் மரியாதை வந்ததைப் பார்த்தேன். விடிவதற்கு முன் கூடாது, விடிந்தபிறகு எத்தனை சீக்கிரம் வேண்டுமானாலும் போடலாம் என்று உத்தரவானது. கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. ஏழே காலுக்குப் போட்டால் உதயமும் ஆயிற்று, திங்கட்கிழமை ஏழரைக்குத் தொடங்கும் ராகு காலத்துக்கும் முந்தியாயிற்று, எட்டு மணிக்கு வருகிறவர்களுக்கும் ஆயிற்று. லண்டன்காரர்களுக்கு அது நள்ளிரவு, எழுந்து பார்த்துக்கொள்வார்கள். டொராண்டோவில் வியாழன் மாலை ஏழே காலுக்கே வெள்ளிக்கிழமை பலன் கிடைக்கும். அங்கே வெள்ளி இன்னும் விடியவில்லையே என்று முதலாளிக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி பார்த்துக்கொண்டேன்.

"சாவி நீயே வச்சுக்கோ. நான்லாம் ஏழு மணிக்கு வரமாட்டேன். வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம். கூட்டம் கூடலேன்னா கீழ மேசைதான், சொல்லிட்டேன்."

கிள்ளானிலிருந்து இருட்டோடு கிளம்பும் கொமியூட்டர் ரயிலைப் பிடித்தேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்து, மாடியேறி இணைப்புப் போடுவேன். நேயர்களின் கிரகநிலையைத் தீர்மானிக்கும் மகா சோதிடர் முழங்காலில் தவழ்ந்துதான் வேலைக்கு வந்தார்.

கூட்டம் கூடியது. பதினேழாம் மணிக்கு நேரே நட்சத்திரங்கள் பத்து, பதினைந்து என்று ஏறி வரி மடங்கியது. நான் அறிக்கையோடு நிற்காமல் தினமும் லாக்கையே படிக்கப் பழகிவிட்டேன். ஒவ்வொரு ராசிக்கும் தனிப் பக்கம் என்பதால் யார் எந்த ராசி என்பது தெரியும். மேஷக்காரர்கள் பொறுமையில்லாமல் இரண்டு மூன்று தடவை திறப்பார்கள். துலாத்துக்காரர் ஒருவர் தன் பலன் பிடிக்காவிட்டால் விருச்சிகத்தைப் போய்ப் பார்ப்பார். கன்னி ராசிக்காரி மட்டும் தவறமாட்டார். கனடாவில் ஏதோ ஓர் ஆலையின் பெயர் போட்ட கணினி. சர்வர் மணி ஐந்து பத்து. முதல் பக்கம், உடனே கன்னி, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் போய்விடுவார்.

எனக்குக் கன்னியைப் பற்றிப் பொய் எழுத வராமல் போனது அப்போதுதான். மற்ற பதினோரு ராசிக்கும் வாய்க்கு வந்ததை எழுதினேன். கன்னிக்கு மட்டும், ராத்திரி முழுக்க நின்று வேலை செய்யப்போகிற ஒருத்திக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து எழுதினேன். 'முதுகுவலி இருந்தால் அலட்சியம் வேண்டாம்.' 'இன்று ஒருவர் உங்கள் உழைப்பைக் கவனிப்பார்.' கவனித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அக்டோபர் முடிந்தபோது ஒரு திங்கட்கிழமை, நான் ஏழே காலுக்குத் திறந்த பக்கத்துக்கு நேரே சர்வர் நாலே கால் என்று போடாமல் மூன்றே கால் என்று போட்டிருந்தது. அமெரிக்காவும் கனடாவும் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தன. இரண்டும் சேர்ந்தே தள்ளியதால் அறிக்கையில் பதினேழு பதினேழாகவே நின்றது. எங்களுக்கு மட்டும் வித்தியாசம் பதினாறாகி, காலை எட்டு ஒன்பதாகிவிட்டது.

நவம்பர் கடைசியில் முதலாளி தீர்ப்புச் சொல்ல மாடியேறி வந்தார். நட்சத்திரங்களைப் பார்த்தார். திருப்திதான். பிறகு, என் கெட்ட நேரம், "அவங்க மணியோட எவ்வளவு கூட்டணும்னு சொன்னே?" என்று கேட்டார்.

பதினைந்து என்று சொல்லியிருக்கலாம். பொய் எழுதியே பிழைத்த எனக்கு அன்று பார்த்து உண்மை வந்தது. "இப்ப பதினாறு பாஸ்."

அறிக்கையின் ஓரத்தில் பதினேழோடு பேனாவால் கூட்டினார். முப்பத்துமூன்று. இருபத்துநாலைக் கழித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எந்தத் தீபாவளிக்கும் பார்த்ததில்லை.

"ஒம்பது! காலையில ஒம்பது! நான் மொதல்லயே என்னா சொன்னேன்?"

"பாஸ், அது குளிர்காலத்துக்காக அவங்க..."

"சாமிக்குக் காட்டிட்டுப் போட்டா வருவாங்கன்னு அப்பவே சொன்னேன்லா. நீதான் அஞ்சுன்னே, அப்புறம் ஏழுன்னே." ஐந்து என்று சொன்னது யார் என்பதெல்லாம் அதற்குள் வரலாறாகிவிட்டது. "இதை மூட வேணாம். நீ மாடியிலயே இரு. நாளையிலேருந்து ஒம்பதுக்கே போடு. ஏழு மணிக்கு வந்து லைட்டப் போட்டு ஒக்கார வேணாம்."

மேசை தப்பியது. அதற்குமேல் வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. கோழை என்றால் கோழைதான்.

மறுநாள் சனிக்கிழமை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து ஒன்பதுக்கு வந்தேன். ராகு காலம். பத்தரை வரை முதலாளி தட்டைத் தொடவில்லை. பத்தரைக்குக் கற்பூரம் காட்டினார், நான் ஏற்றினேன். திங்கட்கிழமை வந்து சனிக்கிழமை லாக்கைத் திறந்தேன். கன்னி, ஐந்து பத்து. கன்னி, ஐந்து இருபத்தைந்து. கன்னி, ஐந்து ஐம்பது. கன்னி, ஆறு இருபது. அதற்குமேல் இல்லை. சர்வர் மணி ஆறரைக்குத்தான் என் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காதவர் வேலைக்கு நடுவில் நான்கு தடவை எழுந்து வந்து, முந்தின நாள் பலனையே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. அவர் அந்த வரிகளை நம்பினாரா, சும்மா பழக்கத்துக்குப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. மற்ற நாளிலும் கற்பூரம் முடிந்து நான் ஏற்றி முடிப்பதற்குள் ஐந்து பத்து தாண்டிவிடும். ஆனால் வருகிற நேரம் தெரிந்திருந்தும் நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அது எனக்குத் தெரியும்.

சாவியைத் திருப்பிக் கேட்க முதலாளி மறந்திருந்தார். மறுநாள் இருட்டோடு ரயிலேறி, விளக்கைப் போடாமல், ஏழே காலுக்குப் பன்னிரண்டு பக்கங்களையும் ஏற்றினேன். பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, எதிர்க் கடையில் இழுத்து ஆற்றிய தேத்தாரே டீ குடித்து, ஒன்பது மணிக்கு மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே வந்தேன். முதலாளி தட்டோடு மாடியேறி வந்து கணினியைச் சுற்றினார். "ம், போடு" என்றார். ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த அதே பன்னிரண்டு பக்கங்களை, பயபக்தியோடு, இன்னொரு முறை ஏற்றினேன்.

நான் அங்கிருந்த அடுத்த இரண்டு வருடமும் தினமும் இரண்டு முறை வெளியிட்டேன், ஒரு முறை அவருக்கு. எங்கள் வாசகர்கள் ஒன்பது மணிக் கற்பூரத்துக்குத்தான் வருகிறார்கள் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

முதல்முறை இருட்டோடு வந்து ஏற்றிய அன்றைய லாக்கில் கன்னிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஐந்து பத்து. திரும்ப வந்து பார்க்கவில்லை.